சாலமாண்டர் வாலிலிருந்து விடைத்தாள் வரை

உயிரியல் வினாத்தாளில் அடிக்கடி தலைகாட்டும் படம் அது. ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நூல் துண்டுகளைப் போலச் சில கோடுகள். ஒரு வட்டத்தில் கோடுகள் சிதறிக் கிடக்கின்றன, இன்னொன்றில் நடுவில் வரிசை கட்டி நிற்கின்றன, வேறொன்றில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஓடுகின்றன. வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு, சரியாக அடுக்கிப் பெயர் குறிக்கச் சொல்வார்கள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று மாணவர் எழுதுகிறார், மதிப்பெண் விழுகிறது.

அந்தக் கேள்விக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று சொல்வது ஒன்று. எங்கே ஒரு நிலை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பெயர் வைப்பது மற்றொன்று. முதலாவதை இயற்கை தீர்மானிக்கிறது, இரண்டாவதை மனிதர்கள் பேசி முடிவு செய்தார்கள். படத்தின் நூற்றைம்பது ஆண்டுப் பயணத்தில் வரிசை பெரும்பாலும் அசையாமல் இருந்திருக்கிறது. கோடுகள்தாம் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன.

வரிசையைக் கண்டுபிடிப்பது இன்று சுலபமாகத் தெரியலாம். 1870களில் அது பெரும் புதிர். நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் திசுவை அமிலத்தில் போட்டு உறைய வைத்து, சாயம் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் செல் செத்துவிடும். கண்ணாடித் தகட்டில் கிடைப்பது, ஒவ்வொன்றும் தன் வழியில் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுபோன நூற்றுக்கணக்கான செல்கள். தேதி குறிக்காத கல்யாணப் புகைப்படங்களைத் தரையில் கொட்டி, சடங்கு எந்த வரிசையில் நடந்தது என்று கேட்பது போன்ற நிலைமை. அதிலும் கேட்கப்படுபவர் அதுவரை ஒரு கல்யாணத்தையும் பார்த்திராதவர். நூல் பந்து தளர்ந்து கரைகிறதா, கரைந்திருந்தது இறுகிப் பந்தாகிறதா? ஒற்றைப் படம் இரண்டுக்கும் பொருந்தும்.

முடிச்சை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் வால்டர் ஃபிளெமிங். 1876-இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியரானார். அவருடைய வெற்றியில் பாதி அவர் தேர்ந்தெடுத்த பிராணிக்குச் சேர வேண்டும். நெருப்புச் சாலமாண்டர் என்பது ஐரோப்பியக் காடுகளில் வாழும், கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகள் கொண்ட, தவளை இனத்துக்கு உறவான பிராணி. அதன் செல்லில் இருக்கும் மரபுப்பொருள் மனிதச் செல்லில் இருப்பதைவிடப் பல மடங்கு. அதற்கேற்ப உட்கருவும் பெரியது, குரோமோசோம்களும் தடித்தவை. மொத்தம் 24. அதன் குஞ்சுகள் நீரில் வாழ்கின்றன. அவற்றின் வால் துடுப்பும் செவுள்களும் மெல்லியவை, ஒளி ஊடுருவுபவை. வெட்டாமல், சாயம் ஏற்றாமல், உயிரோடு இருக்கும்போதே வாலின் ஓரத்தில் செல்கள் பிரிவதைப் பார்க்கலாம்.

ஃபிளெமிங் இரண்டு பக்கமும் வேலை செய்தார். ஒரு பக்கம், குரோமிக் அமிலத்தில் உறைய வைத்து அனிலின் சாயங்கள் ஏற்றிய தகடுகள். அவற்றில் விவரம் உண்டு, காலம் இல்லை. மறுபக்கம், உயிருள்ள குஞ்சின் வாலில் ஒரே செல்லை நெடுநேரம் உற்றுப் பார்ப்பது. இதில் காலம் உண்டு, விவரம் மங்கல். மங்கலாகத் தெரிந்த அசைவை வைத்துத் தெளிவாகத் தெரிந்த உருவங்களை அடுக்கினார். அப்படி அடுக்கிய படங்கள் 1882-இல் வந்த அவருடைய நூலில் இருக்கின்றன. மைட்டாசிஸ் என்ற பெயரும் அவர் வைத்ததே. இன்றைய பாடநூல் படத்தை அந்த நூலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிசையில் திருத்த எதுவும் இல்லை.

ஆனால் அவர் இட்ட பெயர்கள் வேறு. முதலில் நூல் சிடுக்கு, பிறகு நட்சத்திரம், பிறகு நடுத்தளத்தில் நிற்கும் தட்டு, பிறகு இரட்டை நட்சத்திரம், கடைசியில் இரட்டைச் சிடுக்கு. தாய் உட்கரு எந்தக் கோலங்களைக் கடந்து வந்ததோ அதே கோலங்களைச் சேய் உட்கருக்கள் தலைகீழாகக் கடந்து ஓய்கின்றன என்பது அவர் பார்வை. கண்ணாடியில் பார்ப்பது போன்ற அழகான சமச்சீர் அது. வரிசைப்படுத்த அது பெரிய துணை, ஏனென்றால் நடுத்தட்டை அடையாளம் கண்டுவிட்டால் மற்றவை இருபுறமும் தாமாக விழுந்துவிடும். மாணவர்கள் இன்றும் மாட்டிக்கொள்ளும் பொறியும் அதுவே: தொடக்கமும் முடிவும் ஒரே சாயலில் இருக்கின்றன.

ஒரு பிழையும் அந்தப் படத்தோடு பயணம் புறப்பட்டது. பிரிவின் தொடக்கத்தில் உட்கருவுக்குள் ஒரே நீள நூல் சுருண்டு கிடப்பதாகவும், பிறகு அது துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் குரோமோசோம்கள் ஆவதாகவும் ஃபிளெமிங் நினைத்தார். ஸ்பைரீம் என்று அந்தத் தொடர் நூலுக்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும் பாடநூல்களின் முதல் பெட்டியில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் குரோமோசோம்கள் எப்போதும் தனித்தனிதான். மெல்லியனவாகப் பிணைந்து கிடக்கும்போது முனைகள் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவே. ஒரு செல் முழுக்கச் சுருண்டு ஓடும் ஒற்றை நூலைப் பழைய புத்தகத்தில் பார்த்தால், அது கலைஞரின் சோம்பல் அல்ல, அந்தக் காலத்தின் கருத்து.

அதே சமயம், ஃபிளெமிங் மிகச் சரியாகப் பிடித்த ஒன்றும் உண்டு: ஒவ்வொரு நூலும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளந்த பாதிகள் எங்கே போகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தில் இருந்த எடுவார்ட் வான் பெனடன். அவர் எடுத்துக்கொண்டது குதிரைக் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை. கருவுற்ற அந்த முட்டையில் நான்கே குரோமோசோம்கள். 24 நூல்களில் ஒன்றைப் பின்தொடர்வது கடினம், நான்கில் எளிது. பாதி ஒன்று ஒரு துருவத்துக்கு, மற்றப் பாதி எதிர்த் துருவத்துக்கு. 1883-இல் வில்ஹெல்ம் ரூ இதிலிருந்து ஒரு வாதத்தை எடுத்தார். வெறும் பொருளைச் சரிபாதியாகப் பங்கிடுவதுதான் நோக்கம் என்றால் உட்கருவை நடுவில் கிள்ளிவிட்டால் போதும். இவ்வளவு பாடுபட்டு நூலாக நீட்டி, நீளவாக்கில் பிளப்பதானால், நூலின் ஒவ்வொரு புள்ளியிலும் வேறுவேறு தன்மை இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இரு பக்கமும் போயாக வேண்டும் என்றுதானே பொருள்? மெண்டலின் கட்டுரை இன்னும் தூசி படிந்து கிடந்த காலம் அது. படம் வரிசையானவுடனே அது ஒரு கேள்வியாக மாறியது.

இன்று எல்லோரும் மனப்பாடம் செய்யும் பெயர்கள் ஒரே ஆளிடமிருந்து வந்தவை அல்ல. தாவரச் செல்களில் ஊறியவரான எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர், பான் நகரத்தில் இருந்தபடி 1884-இல் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்ற மூன்றைத் தந்தார். பத்தாண்டு கழித்து, 1894-இல், மார்ட்டின் ஹைடன்ஹைன் டீலோஃபேஸைச் சேர்த்தார். குரோமோசோம் என்ற பெயரே 1888-இல்தான் வால்டேயரிடமிருந்து வந்தது. ஃபிளெமிங்கின் சிடுக்கும் நட்சத்திரமும் மெல்ல மறைந்தன. அவை கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு வைத்த பெயர்கள். செல்லுக்குச் செல் உருவம் மாறும்போது அவை தடுமாறின. புதிய பெயர்கள் முன், இடை, பின், கடை என்று காலத்தைச் சொன்னதால் சாலமாண்டருக்கும் அல்லி மலருக்கும் பொதுவாகப் பொருந்தின.

பெயர் நின்றுவிட்டது, எல்லைக்கோடு நிற்கவில்லை. அமெரிக்கரான எட்மண்ட் பீச்சர் வில்சன் 1896-இல் வெளியிட்ட செல்லைப் பற்றிய பெருநூல் பல தலைமுறைகளுக்கு ஆசானாக இருந்தது. அதில் மெட்டாஃபேஸ் என்பது பிரிவின் மிக முக்கியமான அடி, அதாவது குரோமோசோம்கள் இரண்டாகப் பிளக்கும் கட்டம். இன்றைய மாணவருக்கோ மெட்டாஃபேஸ் என்றால் அவை நடுத்தளத்தில் காத்து நிற்பது; பிரிந்த கணமே அனாஃபேஸ் வந்துவிடுகிறது. ஒரே பெயர், ஒரே இடம், ஆனால் எல்லை ஒரு எட்டு தள்ளிப்போயிருக்கிறது. மேலும் வில்சனும் பிறரும் புரோஃபேஸ்கள், அனாஃபேஸ்கள் என்று பன்மையில் எழுதினார்கள். அவை பல கோலங்களின் தொகுப்பு என்ற உணர்வு அந்தப் பன்மையில் இருந்தது. பெட்டிக்கு ஒரு படம் என்று அச்சில் வந்தபோது அந்த உணர்வு போய்விட்டது. எனக்கு அது ஒரு நஷ்டமாகவே படுகிறது.

வில்சனின் நூலில் வெங்காய வேர் நுனியின் நீள்வெட்டுப் படம் ஒன்று உண்டு. சாலமாண்டரைப் பின்னுக்குத் தள்ளி வகுப்பறையை ஆளப்போவது அந்த வெங்காயம்தான். காரணம் எளிது: எங்கும் கிடைக்கும், ஒரு டம்ளர் தண்ணீர்மேல் வைத்தால் சில நாளில் வேர் விடும், வேர் நுனியின் கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும், குரோமோசோம்கள் 16 மட்டுமே, பெரியவையும்கூட. ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் உறைய வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் ஏற்றி, கண்ணாடிகளுக்கு நடுவே நசுக்கிப் பார்ப்பது நம் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் பழகிய வேலை.

வெங்காயம் வந்ததில் ஒரு சிக்கலும் வந்தது. பாடநூல் படம் பெரும்பாலும் விலங்குச் செல்லை வைத்து வரையப்பட்டது. துருவத்தில் சென்ட்ரியோல்கள், கடைசியில் இடுப்பை இறுக்கிக் கட்டியதுபோல் உள்வாங்கும் செல் சவ்வு. வெங்காயத்தில் இரண்டும் கிடையாது. சென்ட்ரியோல் இல்லாமலே கதிர்கோல் உருவாகிறது. செல்லைப் பிரிப்பது நடுவிலிருந்து வெளிநோக்கி வளரும் செல் தட்டு. தகட்டில் வெங்காயத்தைப் பார்த்துவிட்டு, செய்முறை ஏட்டில் சென்ட்ரியோலோடு வரைபவர் பார்த்ததை வரையவில்லை, படித்ததை வரைகிறார். செவ்வகச் செல்லுக்குள் இடுப்பு இறுக்கம் தெரிந்தாலும் கதை அதுவே.

படத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடும் மெல்லிய கோடுகள் பல பத்தாண்டுகள் சந்தேகத்தின் நிழலில் இருந்தன. உயிருள்ள செல்லில் அவை தெரியவில்லை. அமிலத்தில் போட்ட பிறகுதான் தெரிந்தன. அமிலம் புரதத்தைத் திரட்டி இழையாக்கிவிட்டதோ? மதிப்புமிக்க ஆய்வாளர்களே அப்படி ஐயப்பட்டார்கள். ஷின்யா இனோவே தாமே செப்பனிட்ட முனைவாக்க ஒளி நுண்ணோக்கியால் கடல்புழு முட்டையிலும் அல்லி மகரந்தத் தாய்செல்லிலும், உயிரோடு இருக்கையிலேயே, அந்த இழைகளை ஒளிரக் காட்டி 1953-இல் வெளியிட்டார். செல்லைக் குளிர்வித்தால் இழைகள் கரைந்தன, வெதுவெதுப்பாக்கினால் திரும்பி வந்தன. பாடநூல்கள் அதற்கு முன்பே அவற்றைத் தயங்காமல் அச்சிட்டுக்கொண்டிருந்தன. படம் சரியாகத்தான் இருந்தது, ஆதாரம்தான் தாமதமாக வந்தது.

அதே ஆண்டில் படத்தின் இன்னொரு மூலையும் மாறியது. பிரிவுக்கு முன்னால் வரும் செல்லுக்கு ஓய்வு நிலை என்றே பெயர் இருந்தது. கண்ணுக்கு எதுவும் நடப்பதாகத் தெரியாததால் வந்த பெயர். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து, டி.என்.ஏ. எப்போது உருவாகிறது என்று பார்த்தார்கள். குரோமோசோம்கள் கண்ணில் படுவதற்கு மணிக்கணக்கில் முன்னதாக, அந்த ஓய்வின் நடுவிலேயே இரட்டிப்பு முடிந்துவிட்டது. ஓய்வு நிலை என்ற குறிப்பை அடித்து, இடைநிலை என்று எழுதி, அதற்குள் G1, S, G2 என்று மூன்று பகுதிகளைப் போட வேண்டியதாயிற்று. ஃபிளெமிங் கண்ட நீளவாக்குப் பிளவு பிரிவின்போது ஏற்படுவதல்ல, ஏற்கெனவே முடிந்த வேலை வெளியே தெரிவது.

இப்போது நான்கு குரோமோசோம் உள்ள செல் ஒன்றை, கலைந்த படங்களிலிருந்து அடுக்கிப் பார்ப்போம். கணக்குத்தான் இங்கே நம்பகமான வழிகாட்டி. புரோஃபேஸில் நான்கு குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் இடுப்பில் சேர்ந்த இரண்டு குரோமாட்டிட்கள். ஆக எட்டுக் கோடுகள், நான்கு இணைப்புகள். மெட்டாஃபேஸில் அதே நான்கு, ஆனால் சென்ட்ரோமியர்கள் ஒரே தளத்தில். அனாஃபேஸில் இணைப்பு விட்டுப்போகிறது. அந்தக் கணத்தில் செல்லில் எட்டுக் குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் ஒற்றை இழை, பக்கத்துக்கு நான்கு. டீலோஃபேஸில் உட்கருவுக்கு நான்கு, இன்னும் ஒற்றை இழையாகவே.

இந்தக் கணக்கு பல தவறுகளைக் காட்டிக்கொடுக்கும். அனாஃபேஸில் X வடிவக் குரோமோசோம்களை வரைந்திருந்தால் எங்கோ பிழை. எட்டு X என்றால் மரபுப்பொருள் இரட்டிப்பாகிவிட்டது. பக்கத்துக்கு இரண்டு X என்றால் அது மியோசிஸின் முதல் பிரிவு. நடுத்தளத்தில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்றாலும் மியோசிஸ்தான். மைட்டாசிஸில் அவை தனித்தனியாக ஒரே வரிசையில் நிற்கும். ஓடும் குரோமோசோம்கள் V வடிவில் வளையும்போது முனை துருவத்தைப் பார்க்க வேண்டும், கைகள் பின்னால் இழுபட வேண்டும், ஏனென்றால் இழுக்கப்படுவது சென்ட்ரோமியர். V-ஐத் திருப்பிப் போட்ட படத்தில் செல் பின்னோக்கி ஓடுகிறது.

கணக்குக்கும் அகப்படாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மெட்டாஃபேஸைத் துருவத்திலிருந்து பார்ப்பது. பக்கவாட்டில் கோடாகத் தெரியும் தட்டு, மேலிருந்து பார்த்தால் வட்டமாகப் பரவி நிற்கும். மாணவர் அதைப் புரோஃபேஸ் என்று எழுதுவார். குரோமோசோம்கள் கட்டையாக, தடித்து இருக்கின்றனவா, உட்கரு சவ்வும் உட்கருமணியும் போய்விட்டனவா என்று பார்த்தால் விடை தெரியும். இரண்டாவது, ஃபிளெமிங்கின் கண்ணாடிப் பொறி: பிந்திய டீலோஃபேஸ் முந்திய புரோஃபேஸைப் போலவே தெரிவது. அங்கே உட்கருவை மட்டும் பார்த்துப் பயனில்லை, பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும். ஒரே அளவில், ஒரே இறுக்கத்தில் இரண்டு சிறிய உட்கருக்கள் எதிரெதிரே நின்று, நடுவே மெல்லிய தட்டு தெரிந்தால் அவை இப்போதுதான் பிரிந்தவை. புரோஃபேஸ் உட்கரு பெரியது, பெரும்பாலும் தனியாக இருக்கும்.

சம அளவுப் பெட்டிகள் மறைமுகமாகச் சொல்லும் ஒரு பொய்யும் உண்டு: எல்லா நிலைகளும் சம நேரம் நீடிக்கின்றன என்பது. தகட்டையே கடிகாரமாக்கி இதைச் சோதிக்கலாம். எந்த நிலை நீடிக்கிறதோ அந்த நிலையில் அதிகச் செல்கள் அகப்படும். உதாரணத்துக்கு 1,000 செல்களை எண்ணி, 10 செல்கள் அனாஃபேஸில் இருப்பதாகவும், முழுச் சுழற்சி 24 மணி நேரம், அதாவது 1,440 நிமிடம் என்றும் வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு பங்கு. அனாஃபேஸுக்குச் சுமார் 14 நிமிடம். புரோஃபேஸில் 50 செல்கள் என்றால் 72 நிமிடம். இது தோராயம்தான். எல்லாச் செல்களும் பிரிந்துகொண்டிருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிரிய வேண்டும், இரண்டும் முழுதாக நடப்பதில்லை. வேர் நுனியை எந்த நேரத்தில் வெட்டினோம் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை மாறும். செய்முறை வகுப்பில் காலையிலேயே வெட்டச் சொல்வது அதனால்தான். தோராயமானாலும் ஒரு செய்தி தெளிவு: அனாஃபேஸ் கண்ணில் படுவது அரிது, புரோஃபேஸ் மலிவு.

பெட்டிகளின் எண்ணிக்கையும் நிலையாக இல்லை. புரோஃபேஸுக்கும் மெட்டாஃபேஸுக்கும் நடுவே, உட்கரு சவ்வு உடைந்து குரோமோசோம்கள் இழைகளோடு இணைந்து அல்லாடும் கட்டத்தை இன்று பல நூல்கள் புரோமெட்டாஃபேஸ் என்று தனியாகக் காட்டுகின்றன, பள்ளி நூல்கள் பல அதை விட்டுவிடுகின்றன. செல்லின் உடல் பிரிவதைச் சில நூல்கள் டீலோஃபேஸோடு சேர்க்கின்றன, சில பிரிக்கின்றன. எனவே நான்கா, ஐந்தா, ஆறா என்ற கேள்விக்கு விடை செல்லில் இல்லை, பாடத்திட்டத்தில் இருக்கிறது. 2001-இல் ஜோனதன் பைன்ஸும் கான்லி ரீடரும், உருவத்தை வைத்து வெட்டுவதை விட்டுவிட்டு, செல்லுக்குள் நடக்கும் வேதியியல் மாற்றங்களின்படி பிரிவைப் பிரிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் முன்மொழிந்தார்கள். வகுப்பறைப் படம் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த ரீடரே ரிச்சர்ட் கோலுடன் சேர்ந்து 1998-இல் செய்த ஒரு சோதனை, அசையாததாகச் சொன்ன வரிசையையும் ஓரிடத்தில் தொட்டது. கண்ணாடியில் வளரும் விலங்குச் செல்களில் புரோஃபேஸ் தொடங்கியவுடனே, லேசர் கொண்டு குரோமோசோம்களைச் சேதப்படுத்தினார்கள். செல் முன்னே போகவில்லை. இறுகத் தொடங்கியிருந்த குரோமோசோம்கள் மறுபடி தளர்ந்து, உட்கரு இடைநிலைக்கே திரும்பியது. கொஞ்சம் தாமதித்து, புரோஃபேஸின் பிற்பகுதியில் அதே சேதத்தைச் செய்தபோது செல் திரும்பவில்லை. அடிபட்ட குரோமோசோம்களோடே பிரிந்து முடித்தது. ஆகவே முதல் பெட்டிக்குள், பெயரில்லாத ஓர் இடத்தில், திரும்ப முடியாத எல்லை இருக்கிறது. அதுவரை இடைநிலைக்கும் புரோஃபேஸுக்கும் நடுவிலான அம்புக்குறியை இரண்டு பக்கமும் முனை வைத்து வரைவதே சரி. நான் பார்த்த பாடநூல் படங்களில் அந்த அம்புக்கு ஒரு முனைதான்.